"21 நாள்ல சுகர் நார்மல்"னு எழுதச் சொல்றாங்க அக்கா, எழுதலாமா?

கேள்வி: அக்கா, நான் கடலூர் மஞ்சக்குப்பம். வீட்ல இருந்தே சின்னச் சின்ன பிசினஸுக்கு இன்ஸ்டா கேப்ஷன் எழுதித் தர்றேன். இப்ப பாண்டில ரெண்டு கிளையண்ட் கிடைச்சிருக்கு. லாஸ்பேட்டைல ஒரு யோகா சென்டர், "21 நாள்ல சுகர் நார்மல், மாத்திரைக்கு குட்பை"னு போடச் சொல்றாங்க. இன்னொண்ணு டிஜிட்டல் மார்க்கெட்டிங் கோர்ஸ், "மாசம் 50,000 கேரண்டி"யாம். கேட்டா "கஸ்டமரே சொன்னதுதானம்மா, அப்படியே போடு"ங்கறாங்க. மாட்டேன்னா ஆர்டர் போயிடும். என்ன பண்றது? — ஒரு வாசகி

பதில்: சுகர் விஷயத்தை முதல்ல பாத்துடலாம் தங்கச்சி, ஏன்னா கோர்ஸ்ல ஏமாந்தா ஃபீஸ் போகும், இதுல ஏமாந்தா ஆஸ்பத்திரில போய் நிக்கணும்.

சுகர் கட்டுப்பாட்டுல இருக்கான்னு டாக்டர் பாக்கறது காலைல வெறும் வயித்துல எடுக்கற ஒரு ரீடிங்கை மட்டும் வெச்சு இல்ல. நம்ம ஊர்ல "மூணு மாச சுகர்"னு சொல்றோமே, அந்த டெஸ்ட்டையும் பாப்பாங்க. ரத்தத்துல இருக்கற சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோட இருக்கும், அதுல எவ்ளோ சர்க்கரை ஒட்டியிருக்குன்னு அளந்து கடைசி ரெண்டு மூணு மாசத்து சராசரியைச் சொல்ற டெஸ்ட் அது. 21 நாள்ல அதை எடுத்தா, சென்டர்ல சேர்றதுக்கு முன்னாடி அவர் சாப்பிட்ட பரோட்டாவும் அதுக்குள்ளதான் இருக்கும். அப்ப அந்த "21 நாள் நார்மல்"க்கு ஆதாரம்னு அவங்க கையில என்ன இருக்கும்? ஒரு நாள் காலைல எடுத்த குளுக்கோமீட்டர் ஃபோட்டோ. அந்த ரீடிங் முந்தின ராத்திரி சாப்பாடு, தூக்கம், காய்ச்சல், மாத்திரை இதுக்கெல்லாம் ஏறும், இறங்கும். 168 இருந்தது ஒரு நாள் 110 காட்டுனா அது அந்த நாளோட கதை, அவ்ளோதான்.

சரி, ஒருத்தருக்கு நெஜமாவே மூணு மாச சுகர் குறைஞ்சிடுச்சுன்னே வெச்சுக்க. அவர் என்னென்ன மாத்தியிருப்பார்னு கேட்டுப் பாரு. யோகால சேர்ந்த அதே வாரம் ராத்திரி சோறை நிறுத்தியிருப்பாரு, பீச் ரோட்ல நடக்க ஆரம்பிச்சிருப்பாரு, டாக்டர் மாத்திரை டோஸை ஏத்தியிருப்பாரு. இதுல எது வேலை செஞ்சதுன்னு தனியா பிரிக்கணும்னா, அதே மாதிரி இன்னொரு குரூப்பை யோகா இல்லாம வெச்சு ரெண்டையும் ஒப்பிடணும், எந்த லோக்கல் சென்டரும் அதைச் செய்யாது, செய்யவும் தேவையில்ல. அதோட பத்து நாள்ல நின்னுட்டவங்க யாரும் சென்டர் வாட்ஸ்ஆப் குரூப்ல இருக்க மாட்டாங்க, குரூப்ல இருக்கற எல்லாருமே "எனக்கு நல்லா இருக்கு மாஸ்டர்"னு சொல்றவங்கதான், அதைப் பாத்துப் பாத்து ஓனருக்கே எல்லாருக்கும் குறையுதுன்னு நம்பிக்கை வந்துடும். அவர் பொய் சொல்றார்னு நான் சொல்லல, பாதிப் பேரு அவர் சொல்றதை அவரே நம்பறவங்கதான்.

உடனே அவர் "யோகால சுகர் குறையும்னு ஆராய்ச்சியே இருக்கும்மா"னு சொல்லுவாரு. இருக்கு. மருந்தோட சேத்து யோகா பண்ணவங்களுக்கு ஓரளவு பலன் இருந்ததா ஆராய்ச்சிகள் வந்திருக்கு. ஆனா அது வேற ஆளுங்க, வேற பயிற்சி, மருந்தை நிறுத்தாம செஞ்சது. இவரோட 21 நாள் பேக்கேஜுக்கு அது ரசீது ஆகாது.

"மாத்திரைக்கு குட்பை" இருக்கே, அதை எந்த ரூபத்துலயும் எழுதாத. நெல்லிக்குப்பத்துல உக்காந்து ஒரு அம்மா அதைப் படிச்சுட்டு இன்சுலினை நிறுத்துனா, அதுவும் சின்ன வயசுல வர்ற டைப் 1 சுகரா இருந்தா, ரெண்டொரு நாள்ல ரத்தத்துல அமிலம் ஏறி ஐசியூ வரைக்கும் போயிடும். மாத்திரையைக் குறைக்கறதும் நிறுத்தறதும் டாக்டர் பேச வேண்டிய பேச்சு, அது கேப்ஷன்ல வரவே கூடாது.

அப்ப எப்படி எழுதறது? நான் பாக்கற விதம் ஒண்ணுதான். ஒரு கேப்ஷன்ல ரெண்டு வகை வாக்கியம் இருக்கும். சென்டர் என்ன செய்யுதுங்கறது ஒண்ணு, வர்றவங்க உடம்புலயோ பர்ஸுலயோ என்ன ஆகும்ங்கறது இன்னொண்ணு. முதல் வகையை அவங்க ரிஜிஸ்டர், டைம்டேபிள், சர்டிஃபிகேட்டைக் காட்டியே நிரூபிச்சிடலாம். ரெண்டாவதை முடியாது. முதல் வகையை வெச்சே முழு கேப்ஷனையும் கட்டு. இப்படி:

"சுகர் இருக்கறவங்களுக்கான காலை யோகா பேட்ச், லாஸ்பேட்டை. 21 நாள், தினமும் 6 மணில இருந்து 7 மணி வரைக்கும். 12 பேருக்கு மேல சேக்கறதில்ல, அதனால முட்டிவலி இருந்தா ஆசனத்தை உங்களுக்கு ஏத்த மாதிரி மாத்திச் சொல்லித் தர முடியும். மாஸ்டர் ஆயுஷ் யோகா சர்டிஃபிகேஷன் போர்டு சான்றிதழ் வாங்கினவர். நீங்க சாப்பிடற மாத்திரை, இன்சுலின் அப்படியே தொடரணும், சேரும்போது டாக்டர் சீட்டு எடுத்துட்டு வாங்க. காலைல சாப்பிடாம வர்றவங்களுக்கு லோ சுகர் ஆகலாம், வெறும் வயித்துல வரலாமான்னு டாக்டர்கிட்ட கேட்டுட்டு வாங்க."

இதுல நேரம், பேட்ச் சைஸ், சான்றிதழ் எல்லாம் நீ கேட்டு வாங்கிப் போட வேண்டியது, நான் சும்மா உதாரணத்துக்குப் போட்டிருக்கேன். அந்தச் சான்றிதழ் உண்மைலயே இருக்கான்னு கண்ணால பாத்துட்டுப் போடு. லோ சுகர் பத்தி ஒரு வரி வந்ததுமே படிக்கறவங்களுக்கு "இவங்களுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கு"னு தோணும், என் கணக்குல "குட்பை"யை விட அதுதான் அட்மிஷன் கொண்டு வரும்.

"கஸ்டமரே சொன்னது"ங்கறது கவசம் கிடையாது. அவர் சொன்னதை எடுத்து உங்க பேஜ்ல போட்ட நிமிஷமே அது சென்டரோட விளம்பரம், "மத்தவங்களுக்கும் இப்படித்தான் ஆகும்"னுதான் படிக்கறவங்க எடுத்துப்பாங்க. கீழ பொடி எழுத்துல "பலன் ஆளுக்கு ஆள் மாறும்"னு போட்டாலும் ஆகாது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தோட 2022 விதிமுறையே பெரிய எழுத்துல சொன்னதுக்கு எதிரா டிஸ்க்ளைமர் இருக்கக் கூடாது, சொன்ன அதே மொழில இருக்கணும்னு சொல்லுது, தமிழ்ல வாக்குக் குடுத்துட்டு இங்கிலீஷ்ல மறுக்கறது செல்லாது. கஸ்டமர் பேச்சு வேணும்னா அவர் சம்மதத்தோட, அவருக்கு மட்டும் தெரிஞ்ச விஷயத்தைப் போடு: "மாஸ்டர் கை புடிச்சு சொல்லிக் குடுத்தார், முதல் வாரம் கஷ்டமா இருந்தது, இப்ப லீவு போடறதில்ல." அதுல லேப் ரிப்போர்ட் வேலை எதுவும் இல்ல.

அந்த சென்டர்ல சூரணம், கஷாயப் பொடி ஏதாவது சேத்து விக்கறாங்களான்னும் கேட்டுக்க. வித்தா விஷயம் இன்னும் சிக்கல். சுகர், உடல் பருமன், பிரஷர் உட்பட ஒரு பெரிய வியாதிப் பட்டியலே போட்டு, இதைக் குணப்படுத்தும்னு மருந்துக்கு விளம்பரம் பண்ணக் கூடாதுன்னு 1954லயே சட்டம் இருக்கு, முதல் தடவைக்கே ஆறு மாசம் வரைக்கும் ஜெயில் போடலாம்.

இப்ப கோர்ஸ். இங்க கேக்க வேண்டியது ஒரு பேட்ச்சோட முழுக் கணக்கு. 30 பேர் சேந்தாங்கன்னு வெச்சுக்குவோம், 20 பேர் முடிச்சாங்க, 9 பேருக்கு வேலை கிடைச்சது. அதுல 8 பேருக்கு மாசம் 14,000, ஒருத்தர் ஃப்ரீலான்ஸ்ல 59,000. ஓனர் அந்த ஒருத்தர் ஜிபே ஸ்க்ரீன்ஷாட்டை எடுத்துட்டு வருவாரு. "அது ஒருத்தர்தான"னா "சரி, சராசரி போடு"ம்பாரு. ஒன்பது பேரையும் கூட்டிப் போட்டா 1,71,000, சராசரி 19,000 வரும். அந்த 19,000 அங்க யாருமே வாங்கல! எட்டுப் பேர் வாங்கறது 14,000, வேலையே கிடைக்காத 21 பேர் அந்தக் கணக்குல கிடையவே கிடையாது. "50,000 வரை சம்பாதிக்கலாம்"னு "வரை" சேத்தாலும் படிக்கறவன் கண்ணுக்கு 50,000தான் தெரியும். அந்த 59,000லயும் கிளையண்ட்டுக்காக இவர் ஃபேஸ்புக்ல கட்டின விளம்பரக் காசு எவ்ளோ, கையில நின்னது எவ்ளோன்னு ஸ்க்ரீன்ஷாட் சொல்லாது. இந்த மாசம் மட்டும் வந்ததா மாசாமாசம் வருதான்னும் சொல்லாது.

கணக்கு முழுசா இருந்து, காட்டவும் தயாரா இருந்தா, "போன பேட்ச்ல 30 பேர் சேந்தாங்க, 20 பேர் முடிச்சாங்க, 9 பேர் வேலைல இருக்காங்க, பெரும்பாலானவங்க ஆரம்பச் சம்பளம் 14,000"னு தாராளமா போடலாம். திருப்பாப்புலியூர்ல இருந்து பஸ் ஏறி வரப்போற பையனோட அப்பாவுக்கு வேண்டிய தகவலே அதுதான். கணக்கு இல்லன்னா வருமானத்தைப் பத்தி ஒரு வரியும் வேணாம். என்ன டூல் சொல்லித் தர்றாங்க, எத்தனை மணி நேரம், நிஜமான கடைக்கு விளம்பரம் ஓட்டிப் பழக விடறாங்களா, பாதில நின்னா ஃபீஸ் திரும்புமா, இதை எழுது.

ஆர்டர் போயிடும்ங்கற பயம் எனக்குப் புரியுது. "இது தப்பு சார்"னு ஆரம்பிச்சா கண்டிப்பா போயிடும். பதிலா வாட்ஸ்ஆப்ல இப்படிக் கேளு: "சார், இந்த லைனுக்கு யாராவது ஆதாரம் கேட்டா நாம காட்ட வேண்டிய ஃபைலை அனுப்பி வைங்க, நான் சேத்து வெச்சுக்கறேன். அது வர்ற வரைக்கும் போட இன்னொரு வெர்ஷன் கீழ குடுத்திருக்கேன்." கூடவே மேல எழுதுன மாதிரி ரெடி கேப்ஷனையும் அனுப்பிடு, பாதி ஓனருங்க ஃபைல் தேடற சிரமத்துக்கே ரெண்டாவதை ஓகே பண்ணிடுவாங்க. முறைச்சா, 2019 நுகர்வோர் சட்டத்துல தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை அபராதம், திரும்பப் பண்ணா 50 லட்சம் வரைன்னு மெதுவா சொல்லு. அந்த அபராதம் விளம்பரத்தைச் சிபாரிசு பண்றவங்களுக்கும் உண்டு, அதனால உன் மூஞ்சியோ குரலோ ரீல்ஸ்ல வர்றதா இருந்தா இன்னும் ஜாக்கிரதை.

கேப்ஷனை மட்டும் மாத்திட்டு விட்டுடாத. வீடியோ மேல ஓடற எழுத்து, தம்ப்நெயில், ஹைலைட்ஸ்ல கிடக்கற பழைய ஸ்டோரி, பின் பண்ண கமெண்ட், இதெல்லாமும் விளம்பரத்துல சேந்ததுதான். முக்கியமா ஹேஷ்டேக், கேப்ஷன்ல ஒழுங்கா எழுதிட்டு கீழ #சுகர்குணமாகும் போட்டு வெச்சிருப்பாங்க, அதையும் எடுத்துடு.