தொப்புளில் பிசுபிசுப்பும் நாற்றமும்

தொப்புளிலிருந்து பிசுபிசுவென்று ஏதோ வருகிறது, நாற்றமும் அடிக்கிறது. டாக்டரிடம் போக வேண்டுமா?

பெரும்பாலும் இது தொப்புள் குழியில் கிருமிகள் பெருகிய தோல் தொற்று. வியர்வை, செத்த தோல், துணி நூல், சோப்பு மிச்சம் எல்லாம் அங்கே தேங்கும், காற்று படாது. ஈரத்துணியைச் சுருட்டி வைத்தால் இரண்டு நாளில் வாடை அடிக்குமே, அதே கதைதான். குழி ஆழமாக இருந்தால் இன்னும் எளிதாக வரும்.

வெள்ளையாகத் திரிதிரியாக, அரிப்போடு வந்தால் பூஞ்சையாக இருக்கலாம். மஞ்சள் அல்லது பச்சைச் சீழ் என்றால் பாக்டீரியா. இரண்டுக்கும் மருந்து வேறு என்பதால் கையில் கிடைத்த களிம்பைப் பூசாதீர்கள்.

வெறும் அழுக்கு வாடைதான் என்றால், வெதுவெதுப்பான நீரும் மென்மையான சோப்பும் போதும். விரலில் மெல்லிய துணியைச் சுற்றி மெதுவாகத் துடைத்து, அலசி, அப்புறம் நன்றாக ஒற்றி உலர்த்துங்கள். பலர் கோட்டை விடுவது இந்த உலர்த்தலில்தான்.

சில நாளில் குறையாவிட்டால் டாக்டரைப் பாருங்கள். காய்ச்சல், பரவும் சிவப்பு, கடும் வலி, ரத்தம், சிறுநீர் போன்ற கசிவு, வயிற்று அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் கசிவு ஆகியவற்றுக்கு உடனே போக வேண்டும். சர்க்கரை நோயாளிகளும் தாமதிக்கக் கூடாது. பச்சிளம் குழந்தைக்கு இது அவசரம்.

தொப்புளைத் தொட்டாலே குடலில் படும் என்று பயப்படுவார்கள். பெரியவர்களுக்கு அது பொதுவாக மூடிய தழும்புதான்.