பட்டர்ஃபிளையில் கை ஏன் எழ மறுக்கிறது?

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர்க் குளத்தில் மாலை வகுப்பு எடுக்கிறேன். ஃப்ரீஸ்டைலில் நிற்காமல் 200 மீட்டர் போகிற பிள்ளைகளுக்குப் பட்டர்ஃபிளை ஆரம்பித்தேன். உடம்பில் அலையே வரவில்லை, முழங்காலை மடக்கி அடிக்கிறார்கள். கையும் தண்ணீரை இழுத்துக்கொண்டே முன்னே வருகிறது. தோளுக்குத் தனியாகப் பயிற்சி கொடுக்கட்டுமா?

ஒரு பயிற்சியாளர்

அன்புள்ள தம்பி,

தோளை விடுங்கள். அவ்வளவு தூரம் நீந்துகிறவர்களுக்குத் தோள்பலம் போதும். இடுப்பு மூழ்கிக் கிடந்தால் எந்தத் தோளாலும் கையைத் தூக்க முடியாது.

முதலில் கையைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். பலகையையும் கொடுக்காதீர்கள், அது நெஞ்சை அசையவிடாது. இரண்டு கையையும் தொடையோடு ஒட்டிவைத்து, முகம் தண்ணீருக்குள் இருக்க, நெஞ்சை மெதுவாகக் கீழே அழுத்தச் சொல்லுங்கள். நாலு விரல் ஆழம் போதும். நெஞ்சு இறங்கும்போது இடுப்பு தானாக மேலே வரும். நெஞ்சை விட்டதும் இடுப்பு இறங்கி, கால் கடைசியில் அடிக்கும். பத்து மீட்டர் போய் நின்று மூச்சு வாங்கட்டும். நீங்கள் கரையில் நின்று பிட்டத்தைப் பாருங்கள். ஒவ்வொரு அலைக்கும் அது நீர்மட்டத்துக்கு வந்தால் சரி. அது வராமல் குதிகால் மட்டும் வெளியே வந்து தண்ணீர் தெறித்தால், அடி முழங்காலிலிருந்துதான் வருகிறது.

அலை வந்த பிறகு ஒற்றைக் கை. மற்றக் கை முன்னால் நீண்டிருக்கட்டும். மூச்சை ஃப்ரீஸ்டைல் போலப் பக்கவாட்டில் எடுக்கட்டும். கை நீருக்குள் நுழையும்போது ஒரு அடி, தொடையைத் தாண்டும்போது இன்னொரு அடி. கையை வெளியே கொண்டுவருவது இந்த இரண்டாவது அடிதான்.

என்னிடம் கற்ற ஒரு பெண்ணுக்கு இந்த அடி பிந்தியே வரும், கை அதற்குள் பாதி வழி வந்திருக்கும். தொடை தாண்டியும் தள்ளிக்கொண்டே இருப்பாள். உள்ளங்கை மேலே திரும்பித் தண்ணீரை அள்ளும், இடுப்பு அமுங்கிவிடும். தொடையருகே தள்ளுவதை நிறுத்தி, சுண்டுவிரல் முதலில் வெளிவரும்படி கையை விடச் சொன்னேன். அதோடு ஒவ்வொரு அடிக்கும் மனசுக்குள் “உள்ளே, வெளியே” என்று சொல்லிக்கொள்ளச் சொன்னேன். அதன் பிறகுதான் கை தளர்ந்து, நீர்மட்டத்தை ஒட்டி முன்னே வந்தது. ஃப்ரீஸ்டைல் பழக்கத்தில் முழங்கையை மடக்கி உயரத் தூக்குகிறார்களா என்று கவனியுங்கள். இங்கே கை ஏறக்குறைய நேராகவே வரவேண்டும்.

பிறகு வலக்கை இரண்டு, இடக்கை இரண்டு, இரு கையும் சேர்த்து இரண்டு என்று கலந்து கொடுங்கள். இரு கையும் சேரும்போது முதலில் மூச்சே வேண்டாம். மூச்சைச் சேர்க்கும்போது, கை தோளைத் தாண்டுவதற்கு முன் முகம் தண்ணீருக்குள் போயிருக்க வேண்டும். தலை மேலேயே நின்றால் இடுப்பு மறுபடி இறங்கும், கை மறுபடி இழுக்கும். போட்டியில் இரு கையும் ஒன்றாக நீருக்கு மேலே வந்தாக வேண்டும் என்பது விதி, இழுத்தால் தகுதியிழப்புதான்.

முழு 25 மீட்டரை அவசரப்பட்டுக் கேட்காதீர்கள். கை இழுக்கத் தொடங்கியதும் அந்த இடத்திலேயே நிறுத்தி, ஒற்றைக் கைக்குத் திரும்புங்கள்.