செட்டில்

கேள்வி: எனது மகனுக்கு 26 வயது. கொழும்பில் கடை வேலை. கல்யாணப் பேச்சை எடுத்தாலே "இன்னும் செட்டில் ஆகவில்லை" என்கிறான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு என்னதான் பிரச்சினை?
– ஒரு தாய், பொகவந்தலாவை

பதில்: என் அப்பா காலத்தில் தோட்டத்தில் இந்தச் சொல் ஒரே சமயத்தில்தான் காதில் விழும். வயது போய் வேலையிலிருந்து பேரை வெட்டும்போது, "கணக்கு செட்டில்" என்பார்கள். உங்கள் மகன் அதை வாழ்க்கையின் தொடக்கத்திலேயே கேட்கிறான். துணிச்சல்காரன்.

ஜெஃப்ரி ஆர்னெட் என்ற அமெரிக்க உளவியலாளர் 2000இல், 18 முதல் 25 வரையான வயதைத் தனிப் பருவமாகப் பிரித்து எழுதினார். விடலையும் அல்ல, முழுப் பெரியவரும் அல்ல. வேலை, காதல், கொள்கை எல்லாவற்றையும் சட்டை மாதிரி போட்டுப் பார்த்துக் கழற்றும் வயது. இதை எழுதிய கையோடு நம் புலவர் ஐயாக்களின் கடிதம் வந்துவிடும்: "20 முதல் 25 வரையான பெண்ணை அரிவை என்று தமிழன் அன்றே சொன்னான்!" சொன்னான், ஐயா. உலா வரும் அரசனைப் பார்த்து அவள் உருகுவதைத்தான் சொன்னான். அவளுக்கு வேலை கிடைத்ததா என்று ஒரு புலவரும் விசாரிக்கவில்லை.

சரி, மகனுக்கு வருவோம். ஆர்னெட் இளைஞர்களிடம் பெரியவர் ஆவது எதனால் என்று கேட்டபோது, கல்யாணமும் வீடும் பின்னுக்குப் போயின. தன் பொறுப்பைத் தானே ஏற்பது, தானே முடிவெடுப்பது, சொந்தக் காசில் நிற்பது என்ற மூன்றும் முன்னுக்கு வந்தன. எங்கள் அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கும் தம்பியை இதில் நிறுத்திப் பாருங்கள். ஹட்டன் பக்கத்துத் தோட்டம், வயது 27. பதினேழு வயதில் புறக்கோட்டையில் கடைக்குப் போய், மாதாமாதம் வீட்டுக்குக் காசு அனுப்பியவன். அந்தக் கணக்கில் அவன் பத்து வருடமாகப் பெரிய மனிதன். அப்புறம் ஏன் கல்யாணம் ஆகவில்லை?

வீடு பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா. அதில் அப்பா, அம்மா, தங்கை, பிள்ளையோடு திரும்பி வந்த அக்கா. லயம் தோட்டத்துக்குச் சொந்தம். கையில் உறுதி இல்லாததால் வங்கியில் ஈடு வைக்க முடியாது. இஸ்தோப்பை அடைத்து இன்னொரு அறை எடுக்கவும் துரையிடம் கேட்க வேண்டும். தோட்டத்தில் வேலை செய்யாததால் அவன் பேர் செக்ரோலில் இல்லை. தனிக் காம்பரா கேட்க அவனுக்கு வாயில்லை. போன மாதம் பெண் வீட்டார் வந்தார்கள், தேநீர் குடித்தார்கள், "பிள்ளை எங்கே படுக்கும்?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஜேம்ஸ் கோட்டே, ஜான் பைனர் போன்ற ஆய்வாளர்கள் ஆர்னெட்டோடு சண்டை பிடித்தது இந்த இடத்தில்தான். வேலையும் வீடும் கிடைக்காமல் தள்ளிப்போவதை மனத்தின் ஒரு பருவம் என்று சொல்லலாமா என்பது அவர்கள் கேள்வி. நான் அவர்கள் கட்சி. பல வழிகள் திறந்திருந்து ஒன்றைத் தேடுகிறவனும், ஒரே வழி அடைபட்டு வாசலில் நிற்கிறவனும் வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரிதான் தெரிவார்கள். இருவரும் சொல்வது "இன்னும் செட்டில் ஆகவில்லை" என்றுதான். நாளைக்கே தனி வீடு கிடைத்தால் என்ன செய்வாய் என்று கேளுங்கள். முதலாமவன் யோசிப்பான். இரண்டாமவன் தேதி கேட்பான்.

உங்கள் மகன் எந்த ரகம் என்று என்னால் சொல்ல முடியவில்லை, அம்மா. உங்கள் காம்பராவில் எத்தனை பேர் படுக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லையே.