பிளவுஸ் துணியை வெட்டியாச்சு, இப்போது பணம் திரும்ப வேண்டுமாம்!

கேள்வி: வீட்டிலிருந்தே வாட்ஸ்அப்பில் சேலை விற்கிறேன். ஐந்து வருடமாக வாங்கும் ஒரு அக்கா 4,200 ரூபாய்க்கு ஒரு சில்க் காட்டன் எடுத்தார். ஃபால்ஸ் தைத்து, பிளவுஸ் துணியையும் வெட்டிய பிறகு, "மாமியாருக்குக் கலர் பிடிக்கலை, பணத்தைத் திருப்பிக் கொடு" என்கிறார். பில்லில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று சீல் அடித்திருக்கிறேன். அதைக் காட்டி மறுத்துவிடலாமா? முகத்தை முறித்துக்கொள்ளவும் மனசில்லை.
— ஒரு வாசகி, சேலம்

பதில்: மறுக்கலாம். ஆனால் அந்த சீலைக் காட்டி வேண்டாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. கெடு எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாள் கணக்கு. குறையுள்ள சேலைக்கு உங்கள் சீல் குறுக்கே நிற்காது. நல்ல சேலை, மனசு மாறிவிட்டது என்றால் திரும்ப எடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை.

அதனால், மறுக்கும் முன் இந்த அக்காவின் விஷயம் எந்தப் பக்கம் என்று பாருங்கள். "கலர் பிடிக்கலை" என்பதற்குள் "போட்டோவில் பார்த்த கலர் இல்லை" என்பதும் ஒளிந்திருக்கும். நீங்கள் அனுப்பிய போட்டோவையும், அவரைச் சேலையை ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில் வைத்து எடுக்கச் சொல்லும் போட்டோவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டியூப்லைட்டில் எடுத்த உங்கள் போட்டோ மயில் கழுத்துப் பச்சையை நீலமாகக் காட்டியிருந்தால் தவறு உங்களுடையது, பணத்தைக் கொடுத்துவிடுங்கள். சாயம் போகிறது, இழை அறுந்திருக்கிறது என்றாலும் அப்படித்தான். பிளவுஸ் வெட்டியது அங்கே சாக்காகாது, விரித்த பிறகுதானே சில குறைகள் கண்ணில் படும்.

இரண்டு கலரும் ஒன்றாக இருந்தால் மறுப்பது நியாயமே. ஏன் என்று அவருக்கும் புரிய வேண்டும். பிளவுஸ் போனால் ஆறே கால் மீட்டர் சேலை ஐந்தரை மீட்டர் ஆகிவிடும். ஃபால்ஸைப் பிரித்தாலும், வெளிச்சத்துக்கு எதிரே கரையைப் பிடித்தால் ஊசி போன தடம் வரிசையாகத் தெரியும். அதைப் புதுச் சேலை என்று இன்னொருவருக்கு விற்றால் அது ஏமாற்று. நான் கடையில் நின்ற காலத்தில் முதலாளி அப்படி ஒன்றை மடித்து மறுபடி அடுக்கில் வைக்கச் சொன்னார். வாங்கியவர் மறுநாளே அதை மேஜையில் விரித்துக் காட்டினார், பதில் சொல்ல நான்தான் நின்றேன்.

அப்புறம் மாற்று வழி. பிளவுஸ் இல்லாத இந்தச் சேலை, விஷயத்தைச் சொல்லி விற்றால் 2,800 போகும் என்று வைத்துக்கொள்வோம். முழுப் பணத்தையும் திருப்பினால் உங்களுக்கு 1,400 நட்டம். அதற்குப் பதில், நீங்களே ஸ்டேட்டஸில் போட்டு விற்றுக் கொடுத்து, வந்த பணத்தை அப்படியே அவருக்குத் தரலாம், கமிஷன் எடுக்காமல். காத்திருக்க முடியாது என்றால் இந்தச் சேலையை உங்களிடம் கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாக இன்றைக்கே 2,500க்கு வேறு சேலை எடுத்துக்கொள்ளட்டும். அந்த 300 ரூபாய் வித்தியாசம், விற்காமல் போனால் என்ன செய்வது என்று நீங்கள் ஏற்கும் பயத்துக்கு. இரண்டையும் சொல்லி அவரையே தேர்ந்தெடுக்க விடுங்கள், மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்காதீர்கள். பேரம் அங்கேதான் ஆரம்பிக்கும்.

மெசேஜில் "முடியாது" என்பதைக் கடைசி வரிக்குத் தள்ளாதீர்கள். நான் இப்படி எழுதுவேன்:

"அக்கா, நீங்க அனுப்பின போட்டோவையும் என் போட்டோவையும் பார்த்தேன், கலர் ஒன்றுதான். பிளவுஸ் வெட்டி ஃபால்ஸும் தைத்துவிட்டதால் முழுப் பணம் திருப்பித் தர முடியாது, இனி அதைப் புதுசென்று நான் யாருக்கும் விற்க முடியாது. ஆனால் ரெண்டு வழி இருக்கு. பிளவுஸ் இல்லை என்று சொல்லி நானே விற்று, வர்ற பணத்தை முழுசா உங்களுக்கு அனுப்புகிறேன், 2,800 வரை போகலாம். இல்லையென்றால் இந்தச் சேலையைக் கொடுத்துட்டு, அதுக்கு ஈடா இப்பவே 2,500க்கு வேறு சேலை எடுத்துக்கோங்க, இந்த மாதக் கடைசி வரை டைம் இருக்கு. எது வேணும்னு சொல்லுங்க அக்கா."

மன்னிப்பு கேட்கவில்லை, கவனித்தீர்களா? தவறு செய்யாத இடத்தில் மூன்று முறை "சாரி அக்கா" போட்டால், ஏதோ தவறு இருக்கிறது போல என்று அவருக்கே தோன்றும். போனில் பேசினாலும், பேசி முடித்ததும் இதை எழுத்தில் அனுப்பிவிடுங்கள்.

பில்லில் அந்த சீலுக்குப் பதிலாக இனி இதை அச்சடியுங்கள்: "குறை இருந்தால் 30 நாளுக்குள் பணம் திரும்பத் தரப்படும். பிடிக்கவில்லை என்றால், பிளவுஸ் வெட்டாமல், ஃபால்ஸ் தைக்காமல், 5 நாளுக்குள் கொண்டுவந்தால் மாற்றித் தரப்படும்." பில் எப்படியும் பீரோவுக்குள் போய்விடும். அதனால் இதையே சின்னச் சீட்டில் எழுதி, பிளவுஸ் துணி இருக்கும் முனையில் பின் குத்தி அனுப்புங்கள். கத்தரிக்கோலை எடுக்கும் டெய்லர் கண்ணிலும் படும்.