காணிக்கு முன், சீட்டுக்கு முன்: முதலாளியின் பங்கு

ஒரே விசயத்தை நாலு நாட்டு வேலையை வைத்துக் கேட்டிருக்கிறார்கள். ஓய்வுகால நிதிக்கு நாம் போட்டால் முதலாளியும் போடுகிறார், நாம் போடாவிட்டால் அவரும் போடமாட்டார். அந்தப் பணத்தை எடுப்பதா, விடுவதா என்பதுதான் கேள்வி. சட்டங்கள் நாட்டுக்கு நாடு வேறு என்பதால் ஒவ்வொன்றையும் அந்தந்த நாட்டுக் கணக்கிலேயே பார்த்திருக்கிறேன்.

என் மகன் லண்டனில் ஒரு கடையில் வேலை. மாதம் 2,000 பவுண்ஸ். பென்சனுக்கு வெட்டுவதை நிறுத்தி, அந்தக் காசை இங்கே சீட்டுக்கு அனுப்பப் போகிறாராம். முதலாளியும் அதற்குச் சம்மதம். சரியா?
(கோண்டாவிலிலிருந்து ஒரு தாய்)

இல்லை அம்மா, நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள். அவருடைய சம்பளச் சீட்டையே எடுத்துப் பார்ப்போம்.

பிரித்தானியாவில் 22 வயதிலிருந்து அரச ஓய்வூதிய வயது வரை, ஆண்டுக்கு 10,000 பவுண்ஸுக்கு மேல் உழைப்பவரை முதலாளி பென்சன் திட்டத்தில் சேர்த்தே ஆக வேண்டும். ஆகக் குறைந்த கணக்கில் சம்பளம் முழுவதற்கும் பங்கு வெட்டப்படாது. மாதச் சம்பளத்தில் முதல் 520 பவுண்ஸை விட்டு மிச்சத்துக்குத்தான். உங்கள் மகனுக்கு அந்த மிச்சம் 1,480. அதில் தொழிலாளியின் பங்கு 5 வீதம், முதலாளியின் பங்கு 3 வீதம். மகனின் 5 வீதம் 74 பவுண்ஸ். ஆனால் வரிச் சலுகையாக 14.80 அரசிடமிருந்து வருவதால் அவர் கையிலிருந்து உண்மையில் போவது 59.20 மட்டுமே. முதலாளி 44.40 போடுகிறார். மாத முடிவில் மகனின் பெயரில் 118.40 சேர்ந்திருக்கும்.

59.20 கொடுத்தவருக்கு 118.40, சரியாக இரண்டு மடங்கு. சீட்டைக் கழிவில் எடுத்தாலும் சரி, கோண்டாவிலில் காணி எவ்வளவு ஏறினாலும் சரி, போட்ட மாதமே இரட்டிப்பதில்லை. அதோடு இரட்டித்த தொகை அப்படியே கிடக்காது, முதலீடு செய்யப்படும். விலை ஏறும், சில ஆண்டுகளில் இறங்கவும் செய்யும். ஆனால் பாதிக்குப் பாதி விழுந்தால்தான் அவர் போட்ட காசளவுக்குத் திரும்பி வரும்.

முதலாளி சம்மதித்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. மகன் விலகினால் மாதம் 44.40 மிச்சமாவது முதலாளிக்குத்தான். விலகச் சொல்லித் தொழிலாளியைத் தூண்டுவது அங்கே சட்டவிரோதம். விலகும் படிவமும் வழமையில் பென்சன் நிதியத்திடமிருந்துதான் வரவேண்டும். கடைக்காரர் தானே ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால், அங்குள்ள ஓய்வூதிய ஒழுங்குபடுத்துநரிடம் முறையிடலாம்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். இந்தக் காசு பூட்டிய பெட்டி. இப்போது 55 வயதில் திறக்கலாம், 2028 ஏப்ரல் 6 முதல் 57 வயதில்தான். ஆகவே வீட்டில் மருத்துவச் செலவு, தங்கைச்சியின் படிப்பு என்று அவசரத் தேவை இருந்தால் அதற்கு வேறு காசு ஒதுக்கட்டும். முதலாளி ஈடுகொடுக்கும் அளவு வரைக்கும்தான் நான் வற்புறுத்துவது. அதற்கு மேல் போடும் பவுண்ஸை முதலாளி இரட்டிப்பதில்லை. அந்த மேலதிகக் காசைச் சீட்டுக்கோ காணிக்கோ அனுப்பினால் எனக்கு ஆட்சேபனை இல்லை.

போன ஆண்டு செப்டெம்பரில் ஸ்காபரோவில் வேலைக்குச் சேர்ந்தேன். ஆண்டுச் சம்பளம் 52,000 டொலர். நான் 4 வீதம் போட்டால் கொம்பனியும் 4 வீதம் குழு ஆர்ஆர்எஸ்பி என்ற ஓய்வுகாலச் சேமிப்புத் திட்டத்தில் போடும். புதிதாக வந்தவர்கள் போட்டால் தண்டம் வரும் என்று கூட்டாளி பயமுறுத்துகிறான்.
(முன்னர் நல்லூர், இப்போது கனடா)

தம்பி, கூட்டாளி சொல்வதில் ஒரு பாதி உண்மை. அந்தப் பாதிக்காக மற்றதைக் கைவிட வேண்டாம்.

ஆர்ஆர்எஸ்பியில் ஓர் ஆண்டு போடக்கூடிய அளவு, அதாவது உங்கள் இடம், முந்தைய ஆண்டு நீங்கள் கனடாவில் உழைத்ததில் 18 வீதம். வந்த ஆண்டுக்கு முந்தைய உழைப்பு அங்கே இல்லை என்பதால் முதல் ஆண்டு இடம் பூச்சியம். முதலாளி போடும் பங்கும் உங்கள் இடத்தைத்தான் பிடிக்கும். பலர் தவறுவது இதில்தான். ஆனால் மொத்தம் 2,000 டொலர் வரை அளவு மீறினாலும் தண்டம் இல்லை. அதற்கு மேல் மீறிய தொகைக்கு மாதம் 1 வீதம்.

உங்கள் கணக்குக்கு வருவோம். இரண்டு கிழமைக்கு ஒருமுறை 2,000 டொலர் சம்பளம், நீங்கள் 80, கொம்பனி 80, ஆக 160. செப்டெம்பரிலிருந்து டிசம்பர் வரை எட்டுச் சம்பளம் என்று வைத்தால் 1,280. இது 2,000க்குள் இருப்பதால் தண்டம் இல்லை.

சிக்கல் வருவது இரண்டாம் ஆண்டில். முதல் ஆண்டு நாலு மாத உழைப்புக்கு 18 வீதம் என்றால், ஏறத்தாழ 3,000 டொலர் இடம்தான் கிடைக்கும். 2,000ஐயும் சேர்த்தால் எல்லை கிட்டத்தட்ட 5,000. ஆனால் முதல் ஆண்டின் 1,280ஓடு இரண்டாம் ஆண்டின் 26 சம்பளத்துக்கான 4,160ஐக் கூட்டினால் 5,440 ஆகிவிடும். 24ஆவது சம்பளத்தில் எல்லையைத் தாண்டுவீர்கள். அந்தக் கடைசி இரண்டு மூன்று சம்பளத்துக்கு மட்டும் நிறுத்தி ஜனவரியில் திரும்பத் தொடங்கலாமா என்று கொம்பனியின் ஆளணிப் பிரிவில் கேளுங்கள். அடுத்த ஜனவரியில் முழு ஆண்டு உழைப்புக்கான இடம், 9,000 டொலருக்கு மேல், கிடைத்துவிடும்.

வரிப் பத்திரம் நிரப்பியபின் வரும் மதிப்பீட்டு அறிவித்தலில் உங்கள் இடம் எவ்வளவு என்று அச்சடித்திருக்கும். என் கணக்கை நம்பாமல் அந்த இலக்கத்தை நம்புங்கள்.

அமெரிக்காவில் வேலை. 2025இல் 401(கே) ஓய்வுகால நிதிக்கான எல்லையான 23,500 டொலரை ஆண்டின் முற்பகுதியிலேயே போட்டு முடித்துவிட்டேன். கொம்பனியின் பங்கு எதிர்பார்த்ததை விடக் குறைவாக வந்திருக்கிறது. ஏன்?
(சாவகச்சேரியைச் சேர்ந்த ஒரு பொறியியலாளர்)

பிள்ளை, நீங்கள் செய்தது சுறுசுறுப்பான வேலை, ஆனால் அதுதான் காரணமாக இருக்க வேண்டும். உங்கள் சம்பளத்தை எழுதவில்லை, ஓர் உதாரணம் சொல்கிறேன். ஆண்டுக்கு 120,000, மாதம் இருமுறை 5,000 சம்பளம். கொம்பனி சம்பளத்தில் 4 வீதம் வரை டொலருக்கு டொலர் போடும், அதாவது ஒவ்வொரு சம்பளத்துக்கும் 200. ஆண்டுக்கு 4,800 வரவேண்டும். நீங்கள் ஒவ்வொரு சம்பளத்திலும் 2,350 போட்டால் பத்தாவது சம்பளத்தில், மே மாத முடிவில், 2025ஆம் ஆண்டின் எல்லையான 23,500 முடிந்துவிடும். ஜூனிலிருந்து நீங்கள் போடுவது பூச்சியம், ஆகவே கொம்பனி போடுவதும் பூச்சியம். கிடைத்தது 2,000, போனது 2,800.

சில கொம்பனிகள் ஆண்டு முடிவில் முழு ஆண்டையும் கணக்குப் பார்த்து விடுபட்டதை ஈடுசெய்யும். உங்கள் திட்டத்தில் அப்படி உண்டா என்று திட்டச் சுருக்கப் புத்தகத்தில் பாருங்கள். இல்லையென்றால் அடுத்த ஆண்டு எல்லைத் தொகையை 24ஆல் வகுத்து, ஒவ்வொரு சம்பளத்திலும் ஒரே அளவாகப் போடுங்கள்.

இன்னும் ஒன்றரை ஆண்டில் வேலை மாறுவேன். முதலாளியின் பங்கு எனக்கு உரித்தாக மூன்று ஆண்டு வேண்டுமாம். பிறகு ஏன் போட வேண்டும்?
(நியூஜெர்சி)

நீங்கள் போட்டது முதல் நாளிலிருந்தே உங்களுடையது, அதை யாரும் பறிக்க முடியாது. இழக்கக்கூடியது முதலாளியின் பங்கு மட்டும், அதுவும் நீங்கள் உண்மையிலேயே விலகினால். மூன்றாம் ஆண்டுக்கு இரண்டு மாதம் முன் விலகப் போகிறவர் என்றால் திகதியைப் பின்போடுவது பற்றி யோசியுங்கள்.

ஸ்ரான்லி வீதியில் ஒரு ஹாட்வெயார் கடையில் 60,000 ரூபாய் சம்பளம். "ஈபிஎஃப் போட்டால் உனக்கு 8 வீதம் வெட்டு, போடாவிட்டால் மாதம் 5,000 கூட்டித் தாறன்" என்கிறார் முதலாளி. ஒத்துக்கொள்ளலாமா?
(யாழ்ப்பாணம்)

தம்பி, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இது தெரிவு, உங்களுக்குச் சட்டப்படியான உரிமை. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஊழியர் 8 வீதம், முதலாளி ஆகக் குறைந்தது 12 வீதம் போட வேண்டும். இரண்டு பேரும் கைகுலுக்கி அதை விட்டுவிட முடியாது.

கணக்கைப் பாருங்கள். ஈபிஎஃப் இருந்தால் 4,800 வெட்டி 55,200 கைக்கு வரும். இல்லாவிட்டால் 65,000. ஆகவே 9,800 லாபம்போலத் தெரியும். ஆனால் நீங்கள் கைவிடுவது உங்கள் 4,800, முதலாளியின் 7,200, அதோடு முதலாளி மட்டுமே கட்ட வேண்டிய ஊழியர் நம்பிக்கை நிதியத்தின் 3 வீதம் 1,800. மொத்தம் 13,800. மாதம் 4,000 ரூபாய் உங்களிடமிருந்து கடைக்குப் போகிறது, ஆண்டுக்கு 48,000. வட்டியை நான் சேர்க்கவே இல்லை.

ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50 வயது வரை பூட்டு என்பது உண்மை. ஆனால் 10 ஆண்டுப் பங்களிப்பும் 3 இலட்சம் ரூபாய் இருப்பும் இருந்தால், வீட்டுக்கோ மருத்துவத்துக்கோ இருப்பில் 30 வீதம் வரை முன்கூட்டியே எடுக்கலாம்.

போடச் சம்மதித்தபின்னும் இரண்டு தந்திரங்களைக் கவனியுங்கள். ஒன்று, அடிப்படைச் சம்பளம் 30,000, மிச்சம் "படி" என்று பிரித்து, 30,000க்கு மட்டும் பங்கு கட்டுவது. வாழ்க்கைச் செலவுப் படி, சாப்பாட்டுப் படி எல்லாம் கணக்கில் சேரும். மேலதிக நேரக் கொடுப்பனவு மட்டும் சேராது. மற்றது, வெட்டிய காசைக் கட்டாமல் வைத்திருப்பது. இது எனக்கே நடந்தது. என் முதல் வேலையில் சம்பளச் சீட்டில் மாதாமாதம் 8 வீதம் ஒழுங்காகக் கழிந்திருந்தது. இருப்புக் கூற்றைக் கையில் எடுத்த அன்று பார்த்தால் ஏழு மாதம் வெற்றிடம். கேட்டபோது "போடுவம்" என்றார்கள். சம்பளச் சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருந்ததால்தான் முறைப்பாடு நின்றது.

ஒரு மாதப் பங்கை அடுத்த மாதம் முடியுமுன் முதலாளி கட்ட வேண்டும், பிந்தினால் மேலதிகக் கட்டணத்துடன். ஆகவே ஆறு மாதத்துக்கு ஒருமுறை இருப்பை எடுத்து, சம்பளச் சீட்டில் வெட்டிய தொகையை இரண்டரை மடங்காக்கி ஒப்பிடுங்கள். உங்கள் 4,800க்கு அங்கே 12,000 நிற்க வேண்டும். நிற்காத மாதங்களை ஒரு தாளில் எழுதி, சம்பளச் சீட்டின் பிரதிகளோடும் அடையாள அட்டையோடும் தொழில் திணைக்களத்தின் யாழ்ப்பாண அலுவலகத்தில் கொடுங்கள்.