பெயருக்குப் பின்னால் எத்தனை எழுத்து?

கேள்வி: நானும் நண்பரும் சேர்ந்து சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட் நிறுவனம் நடத்துகிறோம். நான் தொழில் நடத்துவது ஏழு வருடமாக, அவர் நான்கு வருடமாக. ஏற்றுமதியாளர்களின் ஜி.எஸ்.டி. ரீஃபண்ட் வேலைதான் அதிகம். நிறுவன அறிமுகத்தில் என் பெயரை இப்படிப் போட்டிருக்கிறேன்: "சி.ஏ. (பெயர்), டி.ஐ.எஸ்.ஏ., எஃப்.சி.ஏ., எல்.எல்.பி., பி.காம்., வரி ஆலோசகர்". கீழே "ரீஃபண்ட் நிபுணர்கள், நூறு சதவீதம் வெற்றி" என்று ஒரு வரி. இது சரியா?

பதில்: கடைசி இரண்டு சொற்களிலிருந்தே ஆரம்பிக்கிறேன். 'வரி ஆலோசகர்' என்பதை இன்றே எடுத்துவிடுங்கள். சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட்ஸ் சட்டம், 1949-இன் 7-ஆவது பிரிவுப்படி, தொழில் நடத்தும் உறுப்பினர் அந்தப் பட்டப்பெயரைத்தான் பயன்படுத்த வேண்டும். கூடவே வேறொரு தொழில்பெயரை ஒட்டிக்கொள்ளக் கூடாது. படித்து வாங்கிய தகுதிகளைச் சேர்க்கலாம், அதனால் எல்.எல்.பி. இருக்கட்டும். ஆனால் அதை வைத்து 'வழக்கறிஞர்' என்று போட்டுக்கொள்ள முடியாது.

அடுத்து வரிசை. இது பெரும்பாலும் வழக்கம் சார்ந்தது. பல்கலைக்கழகப் பட்டங்களை வாங்கிய வரிசையில் முதலில் போடுங்கள், பிறகு எஃப்.சி.ஏ., அதற்குப் பின் டி.ஐ.எஸ்.ஏ. உறுப்பினரான பிறகு செய்கிற படிப்பு அது. அதைத் தலையில் வைத்தால், வாசிப்பவர் அதுதான் உங்கள் முதன்மைத் தகுதி என்று எண்ணிக்கொள்வார். ஆக "பி.காம்., எல்.எல்.பி., எஃப்.சி.ஏ., டி.ஐ.எஸ்.ஏ." என்று வரும். பெயருக்கு முன் 'சி.ஏ.' போட அனுமதி உண்டு. ஆனால் பின்னால் எஃப்.சி.ஏ. இருக்கும்போது முன்னாலும் சி.ஏ. வருவது ஒரே தகுதியை இரண்டு முறை சொல்வதுதானே? ஏதாவது ஒன்று போதும். புள்ளி வைப்பதானால் எல்லா எழுத்துக்கும் வையுங்கள், விட்டால் எல்லாவற்றிலும் விடுங்கள். ஒரே பக்கத்தில் இரண்டு பாணி இருப்பதைக் கணக்கு பார்க்கிற கண் உடனே பிடித்துவிடும்.

உங்கள் நண்பருக்கு நான்கு வருடம்தானே? அவர் ஏ.சி.ஏ. தொடர்ந்து ஐந்து வருடம் தொழில் நடத்திய பிறகே ஃபெலோ, அதாவது எஃப்.சி.ஏ., ஆகலாம், அதுவும் விண்ணப்பித்துப் பெற வேண்டும். 'பங்குதாரர்கள், எஃப்.சி.ஏ.' என்று பொதுவாக ஒரு தலைப்புப் போட்டு இருவரையும் அதற்குள் அடைத்துவிடாதீர்கள். அடுத்த வருடம் அவர் ஃபெலோ ஆனதும் மாற்றிக்கொள்ளலாம்.

'நிபுணர்', 'நூறு சதவீதம்' இரண்டுமே வேண்டாம். மிகைப்படுத்தியோ பிறரைவிட உயர்ந்தவர் என்றோ சொல்வது தொழில் ஒழுக்க விதிகளுக்கு எதிரானது. அது ஒருபுறம் இருக்க, அந்த வரியை ஏற்றுமதியாளர் நம்பவும் மாட்டார். ரீஃபண்ட் எங்கே நிற்கும் என்று அவருக்கே தெரியும்.

அப்புறம் எப்படித்தான் தனித்துவத்தைக் காட்டுவது? செய்யும் வேலையை அதன் சொந்தப் பெயரில் சொல்லுங்கள். "ஏற்றுமதி தொடர்பான ஜி.எஸ்.டி. ரீஃபண்ட்: பயன்படுத்தாத உள்ளீட்டு வரிக்கு ஆர்.எஃப்.டி.-01 விண்ணப்பம், குறைபாட்டுக் குறிப்பு (ஆர்.எஃப்.டி.-03) வந்தபின் திருத்திய விண்ணப்பம், காரணம் கேட்கும் நோட்டீஸுக்கு (ஆர்.எஃப்.டி.-08) பதில்." இவ்வளவுதான். பணம் வந்ததற்கான வங்கிச் சான்றும் இன்வாய்ஸும் பொருந்தாமல் சிக்கிய சேவை ஏற்றுமதியாளர் இதைப் படித்தால், அவருடைய பிரச்சினை உங்களுக்குப் பழக்கமானது என்று புரிந்துகொள்வார். 'நிபுணர்' என்ற சொல்லால் அது புரியாது. பதிலாக 'ஜி.எஸ்.டி., வருமான வரி, ஆடிட், கடன் திட்ட அறிக்கை, கம்பெனிப் பதிவு' என்று பதினைந்தை அடுக்கினால் ரீஃபண்ட் அதற்குள் காணாமல் போகும். அதை முதல் பத்தியில் தனியாக நிறுத்திவிட்டு, மற்றவற்றை ஒரே வரியில் முடியுங்கள்.

நம்பகத்தன்மைக்கு வாடிக்கையாளர் பெயர்களையும் பாராட்டுக் கடிதங்களையும் தேடாதீர்கள். அவற்றுக்கு அனுமதி இல்லை, ரகசியம் காக்கும் கடமையும் இடிக்கும். சரிபார்க்க முடிகிற எண்களைக் கொடுங்கள். நிறுவனப் பதிவு எண் ஆறு இலக்கமும் கடைசியில் மண்டல எழுத்துமாக இருக்கும், அதை நிறுவனப் பெயருக்கு அடியிலும், உறுப்பினர் எண்ணை ஒவ்வொரு பங்குதாரர் பெயருக்கு அடியிலும் போடுங்கள். பியர் ரிவ்யூ சான்று இருந்தால் அதன் எண்ணும் செல்லுபடிக் காலமும் சேரட்டும். காலாவதியான சான்றை மட்டும் விட்டுவைக்காதீர்கள். அறிமுகம் முழுவதையும் அது ஒன்றே சந்தேகத்துக்குரியதாக்கிவிடும். "நாங்கள் கையெழுத்திடும் சான்றிதழ்களில் 18 இலக்க யு.டி.ஐ.என். இருக்கும், அதை நீங்களே இணையத்தில் சரிபார்க்கலாம்" என்று ஒரு வரி சேர்த்தால் வாடிக்கையாளரின் வங்கி மேலாளருக்கும் அது உதவும்.

திருத்தியபின் உங்கள் பெயர் வரியில் மூன்றே விஷயங்கள் இருக்கும்: பெயர், நான்கு தகுதிகள், உறுப்பினர் எண். அடித்த வரிகளுக்குப் பதிலாக வேறெதையும் சேர்க்க வேண்டாம்.