60 நாளை 30 ஆக்கும் கடிதம்: பழைய பார்ட்டிகளுக்கு எப்படி எழுதுவது? கேள்வி பதில்

கோவையில் பம்பு உதிரிபாகம் செய்யும் ஒரு மெஷினிங் பட்டறையில் 22 வருடமாகக் கணக்கும் வசூலும் பார்க்கிறேன். பார்ட்டிகள் பில் பணம் கட்டும் கெடுவை 60 நாளிலிருந்து 30 நாளாகக் குறைக்கும் இந்தக் கடிதத்தை இரண்டு முறை எழுதியிருக்கிறேன். முதல் முறை தோற்றது, இரண்டாம் முறை பலித்தது. அந்த அனுபவத்திலிருந்துதான் பதில் சொல்கிறேன்.

"அக்கா, 14 வருடப் பார்ட்டி. மாதக் கடைசியில் ஒரே பில், சுமார் 4 லட்சம். ஏப்ரல் பில்லிலிருந்து 30 நாள் என்று எழுதப் போகிறேன். முகம் கோணாமல் எப்படி எழுதுவது?" (கணபதி, லேத் பட்டறை)

வார்த்தையைவிட முதலில் காலண்டரைப் பாருங்கள். மார்ச் 31 பில்லுக்கு 60 நாள் என்றால் மே 30. ஏப்ரல் 30 பில்லுக்கு 30 நாள் என்றால் அதுவும் மே 30. ஒரே நாளில் உங்கள் பார்ட்டி 8 லட்சம் எடுத்து வைக்க வேண்டும். அவருக்கு உங்கள் மேல் கோபம் இருக்காது, ஆனால் அந்த மாதம் கையில் பணம் இருக்காது. அதனால் எல்லாத் தேதியும் தள்ளிப்போகும். "கடிதம் அனுப்பினேன், யாரும் மதிக்கவில்லை" என்று வருத்தப்படுகிறவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் இடறியிருப்பார்கள்.

நடுவில் ஒரு படி வையுங்கள். ஏப்ரல், மே பில்லுக்கு 45 நாள், ஜூன் பில்லிலிருந்து 30 நாள். மார்ச் பில் மே 30-ல் வரும், ஏப்ரல் பில் ஜூன் 14-ல், மே பில் ஜூலை 15-ல், ஜூன் பில் ஜூலை 30-ல். அவர் ஒரு பில்லைக் கூடுதலாகக் கட்டுவது உண்மைதான். ஆனால் அது ஒரே நாளில் விழாமல் இரண்டு மாதத்தில் பரவிவிடுகிறது. இந்த நான்கு தேதியையும் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். அவருடைய சுமையையும் நீங்கள் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறீர்கள் என்று அப்போதுதான் தெரியும்.

அப்புறம் காரணம். "விலைவாசி உயர்வு காரணமாக" என்று பொதுவாக எழுதாதீர்கள், எல்லாக் கடிதத்திலும் அந்த வரி இருக்கிறது. நான் எழுதியது இது:

"ஏப்ரல் மாத பில்லுக்கான ஜிஎஸ்டியை நாங்கள் மே 20-க்குள் கட்டுகிறோம். இரும்புக்கும் கூலிக்கும் அதற்கு முன்பே பணம் கொடுத்துவிடுகிறோம். தங்கள் தொகை ஜூன் 29-ல்தான் வருகிறது. இந்த இடைவெளியை வங்கிக் கடனில் ஓட்டி வந்தோம், இனி முடியவில்லை. ஆகவே 1.4 முதல் போடும் பில்களுக்கு 45 நாள், 1.6 முதல் போடும் பில்களுக்கு 30 நாள் என்று மாற்றுகிறோம். அதற்கு முந்தைய பில்களுக்குப் பழைய 60 நாளே தொடரும். இனி வரும் ஆர்டர்களில் இந்த நாள் கணக்கைக் குறிப்பிட்டு அனுப்பக் கேட்டுக்கொள்கிறோம்."

இவ்வளவு போதும். மன்னிப்புக் கேட்க வேண்டாம், உறவைப் புகழ்ந்து ஒரு பக்கம் எழுதவும் வேண்டாம். முதல் 45 நாள் பில்லுக்கு இரண்டு மாதம் முன்னால் கடிதம் அவர் கையில் இருக்கட்டும். கடைசி வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். என் முதல் கடிதம் தோற்றது அந்த வரி இல்லாததால்தான். நாங்கள் 30 நாள் என்று எழுதினோம், அடுத்த வாரம் அவர்கள் அனுப்பிய ஆர்டரின் அடியில் 60 என்றே அச்சாகியிருந்தது. அதைப் பார்க்காமல் சரக்கை அனுப்பிவிட்டோம். பிறகு கேட்டபோது அந்த ஆர்டரைத்தான் எடுத்து நீட்டினார்கள்.

"சீக்கிரம் கட்டினால் 2 சதவீதம் தள்ளுபடி என்று போடலாமா மேடம்?" (சிங்காநல்லூர்)

வேண்டாம். 30 நாள் முன்னால் வரும் பணத்துக்கு 2 சதவீதம் கொடுத்தால் வருடத்துக்கு 24 சதவீத வட்டி கொடுப்பதாக அர்த்தம். வங்கி ஓவர்டிராஃப்ட் வட்டி 12 சதவீதம் என்றால் அந்த 30 நாளுக்கு உங்களுக்கு ஆகும் செலவு 1 சதவீதம்தான், 4 லட்சத்துக்கு 4,000 ரூபாய். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் அதற்குக் கீழே கொடுங்கள். இன்னொன்று, தள்ளுபடியையும் பிடித்துக்கொண்டு 55-ம் நாள் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

"ஏற்கெனவே நிலுவையில் இருக்கும் பில்லுக்கும் 30 நாள் கேட்கலாமா?" (ஈரோடு)

கூடாது. 60 என்று ஒப்புக்கொண்டு அனுப்பிய சரக்கு அது.

"இதெல்லாம் எதற்கு அக்கா? சிறு தொழிலுக்கு 45 நாளுக்கு மேல் கிரெடிட்டே சட்டவிரோதம். கட்டாவிட்டால் அந்தச் செலவை வருமான வரியில் அவர்கள் கழிக்கவே முடியாது. கடிதத்தில் செக்‌ஷனைப் போட்டு அனுப்பினால் தானாகக் கட்டுவார்கள்." (திருப்பூர், பிரிண்டிங்)

பாதி சரி தம்பி. 2006-ம் வருட எம்எஸ்எம்இ சட்டம் 15-ம் பிரிவின்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளைத் தாண்டக்கூடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டியாக. இதெல்லாம் மைக்ரோ, ஸ்மால் என்று உத்யம் பதிவு உள்ள உற்பத்தி, சேவைத் தொழிலுக்கு. மீடியம் ஆகிவிட்டால் இல்லை.

வருமான வரி விஷயத்தில்தான் நீங்கள் தவறுகிறீர்கள். 2023-ல் 43பி (எச்) என்று கொண்டுவந்த விதி "கழிக்கவே முடியாது" என்று சொல்லவில்லை. கெடு தாண்டிய பாக்கியை எந்த வருடம் கட்டுகிறார்களோ அந்த வருடம் கழித்துக்கொள்ளலாம். ஜூனில் தாமதமாகி ஆகஸ்டில் கட்டிவிட்டால் பார்ட்டிக்கு வரியில் ஒரு நஷ்டமும் இல்லை. கெடுவையும் மார்ச் 31-ஐயும் தாண்டிக் கட்டினால்தான் கடிக்கும். அதனால்தான் மார்ச்சில் மட்டும் எல்லாருக்கும் பணம் வருகிறது!

கடிதத்தில் செக்‌ஷன் போடுவது பற்றி: பழைய பார்ட்டிக்கு நான் போடமாட்டேன். பில்லில் உத்யம் எண் அச்சாகியிருந்தால் அவர்கள் ஆடிட்டரே பார்த்துக்கொள்வார்.

"நான் அந்தப் பக்கத்து ஆள். ஒரு கம்பெனியில் பர்ச்சேஸ் பார்க்கிறேன். தம்பி சொன்னபடி சட்டம் போட்டு வந்த கடிதம் என் மேசையிலிருந்து நேராக லீகலுக்குப் போகும், அந்த சப்ளையருக்கு அடுத்த ஆர்டர் நிற்கும். அக்கா எழுதிய மாதிரி வந்தால் நான் அக்கவுன்ட்ஸில் பேசுவேன். ஆனால் ஒன்று, பர்ச்சேஸுக்கு மட்டும் கடிதம் வந்தால் எதுவும் மாறாது. கம்ப்யூட்டரில் சப்ளையர் விவரத்தில் 60 என்று இருக்கும் வரை ஆர்டரில் 60 என்றுதான் அச்சாகும். அதை மாற்றுவது அக்கவுன்ட்ஸ்." (பெயர் வேண்டாம்)

சார், இதை எனக்கு முன்பே யாராவது சொல்லியிருந்தால் என் முதல் கடிதம் வீணாகியிருக்காது. எல்லாரும் குறித்துக்கொள்ளுங்கள்: இரண்டு பிரதி, ஒன்று பர்ச்சேஸுக்கு, ஒன்று அக்கவுன்ட்ஸுக்கு. பத்து நாள் கழித்து அக்கவுன்ட்ஸுக்குப் போன் செய்து "மாற்றிவிட்டீர்களா" என்று கேளுங்கள். பிறகு அடுத்த ஆர்டர் வந்ததும் அடியில் உள்ள வரியைப் படியுங்கள். 60 என்று இருந்தால் சரக்கை அனுப்பும் முன்பே திருத்தச் சொல்லி மெயில் போடுங்கள். அனுப்பிய பிறகு பேசிப் பயனில்லை.

"அவர் கம்பெனி ஆள், அப்படித்தான் சொல்வார். ஆர்டர் நிற்கும் என்று பயந்துதான் இவ்வளவு வருடம் 60, 90 என்று கொடுத்தோம். சட்டம் இருப்பது எதற்கு?" (திருப்பூர், பிரிண்டிங், மறுபடியும்)

உங்கள் கோபம் நியாயமானது, எனக்கும் அது உண்டு. தாமதப் பாக்கிப் புகார்களை விசாரிக்கும் ஃபெசிலிடேஷன் கவுன்சிலுக்குப் போய்ப் பணம் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். ஆனால் நான் பார்த்த வரையில் அதன் பிறகு அந்தப் பார்ட்டியோடு வியாபாரம் தொடரவில்லை. அது உறவு முடிந்த இடத்தில் எடுக்கும் ஆயுதம். நாம் பேசுவது தொடர வேண்டிய உறவைப் பற்றி.

"அந்த சாருக்கு ஒரு கேள்வி. 30 நாள் எதிலிருந்து? நான் பில் தேதி என்கிறேன், பார்ட்டி சரக்கை இன்ஸ்பெக்‌ஷன் முடித்து ஏற்ற தேதி என்கிறான்." (ஹோசூர்)

பர்ச்சேஸ் சார் பதில்: "எங்களுக்கு ஏற்ற தேதி. அதோடு 10, 25 என்று மாதம் இரண்டு நாள்தான் பேமென்ட் போகும். கெடு 12-ம் தேதி முடிந்தால் 25-ல்தான் வரும்."

இது நல்ல கேள்வி. இன்ஸ்பெக்‌ஷனுக்கு 8 நாள், பேமென்ட் நாளுக்குக் காத்திருக்க 13 நாள் என்று போனால் 30 நாள் என்பது 51 நாளாகிவிடும். கடிதத்தில் "பில் தேதியிலிருந்து" என்று எழுதுங்கள். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஏற்ற தேதிக்கு இறங்கி வரலாம், ஆனால் இன்ஸ்பெக்‌ஷனுக்கு இத்தனை நாள் என்று ஒரு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அவர்களுடைய பேமென்ட் நாள் தெரிந்தால் பில்லையும் அதற்கேற்பப் போடலாம். மாதக் கடைசியில் ஒரே பில் என்பதை விட்டு 15 நாளுக்கு ஒரு பில் போட்டாலே பணம் முன்னால் வரும்.

"நான் பேரிங் வாங்கி விற்கிறேன். உத்யம் சர்டிபிகேட் இருக்கிறது. 45 நாள் சட்டம் எனக்கும் உண்டுதானே?" (காந்திபுரம்)

இல்லை. 2021-ல் வியாபாரிகளையும் உத்யத்தில் சேர்த்தபோது வங்கி முன்னுரிமைக் கடனுக்கு மட்டும் என்றுதான் சேர்த்தார்கள். கடிதம் நீங்களும் அனுப்பலாம், சட்டத்தை மட்டும் அதில் சொல்லாதீர்கள்.

"பழைய பாக்கி 6 லட்சம் நிற்கிறது மேடம், அதையும் இந்தக் கடிதத்திலேயே 30 நாளில் கேட்டால்?" (சேலம்)

மேலே ஈரோட்டுக்காரருக்குச் சொன்னேன். 60 நாள் தாண்டிய பாக்கி என்றால் அதற்குத் தனிக் கடிதம், ஸ்டேட்மென்ட்டோடு. இரண்டையும் கலந்தால் பாக்கியைப் பற்றி வாதம் போய்க்கொண்டே இருக்கும், நாள் மாற்றம் மறந்துபோகும்.

"வாட்ஸப்பில் அனுப்பினால் போதுமா?" (பீளமேடு)

நேரில் போய் முதலாளியிடம் சொல்லுங்கள், லெட்டர்ஹெட்டில் மெயில் அனுப்புங்கள், வாட்ஸப்பில் அதன் படத்தைப் போடுங்கள். நேரில் சொல்லாமல் கடிதம் மட்டும் போனால் பழைய பார்ட்டிக்கு மனது வலிக்கும்.

"எனக்கே இப்படி ஒரு கடிதம் வந்திருக்கிறது அக்கா. நூல் மில்காரர் 30 நாள் என்கிறார். எனக்குப் பணம் வருவது 90-ல். என்ன பதில் போடுவது?" (பல்லடம்)

உங்கள் கஷ்டம் புரிகிறது, ஆனால் வாங்குகிறவர் பக்கம் என் துறை இல்லை. மேலே உள்ள பர்ச்சேஸ் சாரைக் கேளுங்கள். 45 நாள் நடுப்படி கேட்டுப் பார்க்கலாம் என்பது மட்டும் என் யோசனை.

"பழைய பில்லுக்கு..." (நாமக்கல்)

இல்லை. இனி பழைய பில் கேள்விக்குப் பதில் சொல்லமாட்டேன், மேலே இரண்டு முறை இருக்கிறது.

"எல்லாம் செய்தாயிற்று. பெரிய பார்ட்டி, 'எங்கள் குரூப் பாலிசி 60, யாருக்கும் மாற்றமாட்டோம்' என்கிறார்கள். மொத்த வேலையில் 40 சதவீதம் அவர்களுடையது." (குறிச்சி)

நாள் குறையாது என்றால் விலையில் வாங்குங்கள். அடுத்த ரேட் பேசும்போது 30 நாளுக்கு 1 சதவீதம் வீதம் சேர்த்துக் கொடுங்கள், காரணத்தையும் சொல்லுங்கள். அதுவும் ஆகாது என்றால் அந்த 40-ஐ 30-க்குக் கொண்டுவரும் வரை அவர்களுக்குக் கடிதம் அனுப்பாதீர்கள், சின்னப் பார்ட்டிகளிடம் முதலில் மாற்றுங்கள். இப்படித்தான் செய்ய வேண்டும் என்று அடித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. எங்கள் பட்டறையிலும் ஒரே ஒரு பார்ட்டி இன்னும் 60-லேயே இருக்கிறார்கள். பர்ச்சேஸ் சார், உங்கள் பக்கத்தில் இந்த மாதிரி இடத்தில் யாராவது மசிந்தது உண்டா?